வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 214: எந்த எண்ணை நம்புவது?

ஏற்காடு வாசு: வணக்கம். எனக்கு 47 வயது. சேலத்தில் இறங்கி ரத்தப் பரிசோதனை எடுத்தேன். வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 214. இது சர்க்கரை நோயா? மாத்திரை தொடங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குமரேசன், செவ்வாய்ப்பேட்டை: வெறும் வயிற்றில் நூறுக்குள் இருந்தால் சர்க்கரை இல்லை. சாப்பிட்டால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். என் அப்பா வருடா வருடம் வெறும் வயிற்றில் மட்டுமே பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

சுமதி, செவிலியர்: ஏறும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். வாசு, என்ன சாப்பிட்டீர்கள்? இரண்டு மணி நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிட்டீர்களா? ரத்தம் நரம்பிலா, விரல் நுனியிலா? மூட்டுவலிக்கோ ஒவ்வாமைக்கோ அண்மையில் ஸ்டீராய்டு எடுத்தீர்களா? அது சாப்பிட்ட பின் வரும் அளவைத்தான் முதலில் ஏற்றும்.

பழைய உறுப்பினர்: இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருடைய நேரமும் மிச்சம். இரண்டு எண்களும் பொருந்தவில்லை என்றால் ஆய்வகத்தின் தவறுதான். வேறு இடத்தில் எடுங்கள்.

ராணி, ஆத்தூர்: எனக்கும் இதே தொல்லை அண்ணா. காலையில் 130, சாப்பிட்ட பின் 150. இரவுச் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

சுமதி: ராணி, உங்களுடையது நேர் எதிர். இரவு முழுவதும் கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதற்குக் கடிவாளம் தளர்ந்தால் காலை எண் ஏறும். அதைத் தனியாக மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏற்காடு வாசு: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 8.10க்குச் சாப்பிட ஆரம்பித்தேன். பொங்கல், இரண்டு இட்லி, சர்க்கரை போட்ட காபி. 10.15க்கு நரம்பில் எடுத்தார்கள். ஸ்டீராய்டு எதுவும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது.

சுமதி: நேரம் சரிதான். அப்படியானால் இது பொய்யான எண் என்று ஒதுக்க முடியாது. சாப்பிட ஆரம்பித்தவுடன் கணையம் சட்டென்று ஒரு வீச்சு இன்சுலின் விட வேண்டும். தசைகள் அதைக் கொண்டு சர்க்கரையை உள்ளே இழுக்க வேண்டும். அந்த முதல் வீச்சு குறைந்து, தசைகளும் மந்தமானால், கல்லீரல் ஒழுங்காக இருக்கும்வரை காலை எண் நன்றாகவே இருக்கும். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

ஆனாலும் 214ஐ வைத்து மட்டும் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. பொங்கலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். 75 கிராம் குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை கேளுங்கள். 140க்குக் கீழே இருந்தால் இயல்பு. 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருந்தால் அதற்கு முந்தைய நிலை. பயத்தில் முன்பே சோற்றை நிறுத்திவிடாதீர்கள். மூன்று நாளாவது வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டுப் போகாவிட்டால் எண் தவறாக ஏறிக் காட்டும். குடித்த பின் நடக்காமல் உட்கார்ந்திருங்கள். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியும் சேர்த்து எடுங்கள். ரத்தசோகை இருந்தால் சொல்லிவிடுங்கள், அந்த எண் பிசகும்.

குமரேசன்: இவ்வளவு சோதனை எதற்கு? அரிசியை விட்டுவிட்டு ராகிக் களிக்கு மாறினால் போதும். எங்கள் தாத்தா காலத்தில் யாருக்கு இந்த நோய் இருந்தது?

பழைய உறுப்பினர்: தாத்தா காலத்தில் யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? ராகியும் மாவுச்சத்துதான்.

குமரேசன்: ராகியில் நார்ச்சத்து இருக்கிறது ஐயா. அரிசியோடு ஒன்றாகப் பேசாதீர்கள்.

சுமதி: இருவரும் பாதிப் பாதி சரி. ராகியில் நார் அதிகம்தான். ஆனால் நைஸாக அரைத்த மாவில் கிண்டிய களி உருண்டை இரண்டை முழுங்கினால் சர்க்கரை வேகமாக ஏறும். முதலில் காய்கறி, சுண்டல், பிறகு அளவான சோறோ களியோ, எழுந்தவுடன் கொஞ்சம் நடை. வேலை செய்யும் தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

ஏற்காடு வாசு: எடுத்துவிட்டேன். வெறும் வயிற்றில் 95, குளூக்கோஸ் குடித்த பின் 176, எச்பிஏ1சி 6.1. மாத்திரை இப்போது வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். அனைவருக்கும் நன்றி.

குமரேசன்: பார்த்தீர்களா, நோய் இல்லை என்றுதானே சொன்னேன்.

சுமதி: நோய் இல்லை, ஆனால் இயல்பும் இல்லை. இதே இடைநிலையில் இருந்தவர்களை வைத்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எந்த மாற்றமும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் மூன்று ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய்க்குப் போனார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேர். வாசு, அடுத்த வருடமும் இந்த 75 கிராம் பரிசோதனையையே எடுங்கள். வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மலை ஏறிவிடாதீர்கள். உங்கள் உடலில் அதுதான் கடைசியாக ஏறும்.

ராணி, ஆத்தூர்: அக்கா, 75 கிராம் குடித்தால் எனக்கு வாந்தி வருகிறது. வேறு வழி உண்டா?