கலைச்சொல் வேணும்: குவின்கங்க்ஸ் (150 பாகை)

முத்துலட்சுமி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மேல்நாட்டு ஜோதிடம் பத்தி ஒரு அறிமுக நூல் மொழிபெயர்த்துட்டு இருக்கேன். கன்ஜங்ஷனுக்கு சேர்க்கை, ஆப்போசிஷனுக்கு எதிர்ப்பார்வை, ட்ரைனுக்கு திரிகோணம்னு எல்லாம் ஓடிடுச்சு, குவின்கங்க்ஸ்ல வந்து நின்னுட்டேன். ரெண்டு கிரகம் 150 பாகை தள்ளி நிக்குது, ஒன்னு நெருப்பு ராசின்னா இன்னொன்னு நிலம் இல்ல நீர், ஒன்னு சரம்னா இன்னொன்னு ஸ்திரம் இல்ல உபயம், எதுலயும் ஒத்துக்காது. சண்டையும் இல்ல சமாதானமும் இல்ல, ஒன்ன கவனிச்சா இன்னொன்னு கோணும், அதனால ஓயாம ஏதாவது மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே இருக்கணும்னு மூலத்துல வருது. இதுக்கு ஒரு சொல்லும், அந்த 'மாத்தி வெக்கிறதுக்கு' ஒரு சொல்லும் வேணும். அனுசரிப்புன்னு போட்டு வெச்சிருக்கேன், எனக்கே பிடிக்கல.

ரவி எழுதியது:

அக்கா, இது தோட்டக்கலையில இருக்கே. மாந்தோப்புல நாலு மூலைக்கு நாலு மாங்கன்னு, நடுவுல ஒரு பப்பாளி, மா பெருசாகி நிழல் கட்டினதும் பப்பாளிய எடுத்துடுவாங்க, அதான் குவின்கங்க்ஸ் நடவு. எங்க ஊர்ல நாங்க 'நடுக்கன்னு வெக்கிறது'ன்னு சொல்லுவோம். ஜோசியத்துல ஏன் பாகை வருதுன்னு புரியல.

பிரபு எழுதியது:

ரவி, ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான். ரோமானியர்கிட்ட ஒரு காசு இருந்துச்சு, பெரிய காசுல பன்னிரண்டுல ஐந்து பங்கு மதிப்பு, அதுக்கு அடையாளமா அஞ்சு புள்ளி. புள்ளிகள தாயக்கட்டையில அஞ்சு விழுற மாதிரி போட்டதால தோப்புக்கு அந்தப் பேரு, பன்னிரண்டுல ஐந்துங்கிற கணக்கால ஜோதிடத்துக்கு அந்தப் பேரு. 360ல பன்னிரண்டுல ஐந்து 150 தானே. அதனால என் ஓட்டு 'ஐம்பன்னிரண்டு'க்கு. இன்னொன்னு, பூதமும் ஒத்துக்காம சரம் ஸ்திரம் உபயமும் ஒத்துக்காம இருக்கிற ஒரே தூரம் இந்த 150தான், அதனால வேற எதோடயும் குழம்பாது.

ராமசாமி எழுதியது:

தம்பி பிரபு, காசு கதை சரி. 'ஒரே தூரம்' தப்பு. பக்கத்து ராசியும் அப்படித்தான். மேஷத்துக்கு ரிஷபம் என்ன ஒத்துக்குது சொல்லுங்க, நெருப்பு நிலம், சரம் ஸ்திரம், ஆண் பெண். நாலு ராசி தள்ளினா பூதம் ஒன்னாகும், மூணு தள்ளினா சர ஸ்திர உபயம் ஒன்னாகும், ரெண்டு தள்ளினா ஆணோட ஆண் பெண்ணோட பெண்ணாவது இருக்கும், எதிர் ராசிக்கு ஆண் பெண்ணும் ஒத்து சர ஸ்திரமும் ஒத்துப் போகும். ஒன்னு தள்ளினாலும் அஞ்சு தள்ளினாலும்தான் பிடிக்க ஒரு கொம்பும் இல்ல. ஆனா 30 பாகையில பக்கத்து வீடாச்சேன்னு ஒரு பழக்கம் இருக்கும், 150ல அதுவும் கிடையாது.

அம்மா முத்துலட்சுமி, புதுசா எதுக்கு தேடணும், நம்மகிட்ட சஷ்டாஷ்டகம் இருக்கே. பொருத்தம் பாக்குறப்ப பொண்ணு ராசியிலிருந்து பையன் ராசி ஆறாவதோ எட்டாவதோ வந்தா வேண்டாம்பாங்க. சாதாரண பேச்சுல 'ஆறெட்டு'. இதே விஷயம்தான்.

முத்துலட்சுமி எழுதியது:

ஐயா, அதைத்தான் மொதல்ல போட்டேன், அப்புறம் அழிச்சேன். ஆறெட்டு ராசிக் கணக்கு, இது பாகைக் கணக்கு. ஒரு கிரகம் மேஷம் 2 பாகை, இன்னொன்னு விருச்சிகம் 20 பாகைன்னு வைங்க. ஆறெட்டுதான். ஆனா நடுவுல இருக்கிற தூரம் 132 பாகை. மேல்நாட்டுக்காரங்க 150க்கு ரெண்டு மூணு பாகை முன்ன பின்னதான் விடுவாங்க, அதனால இது அவங்களுக்கு குவின்கங்க்ஸே இல்ல. ஆறெட்டுன்னு பேர் வெச்சா வாசிக்கிறவங்க ஜாதகத்துல பாதி கிரகத்த இதுல கொண்டுவந்து மாட்டிடுவாங்க.

தலைகீழாவும் மாட்டும். மேஷம் 1, சிம்மம் 29. தூரம் 148, பாகைப்படி குவின்கங்க்ஸ். ஆனா ரெண்டும் நெருப்பு! இந்த மாதிரி ராசி எல்லை தாண்டி வர்றத சில பேர் எடுத்துக்குறாங்க, சில பேர் தள்ளிடுறாங்க.

அப்புறம் 'பார்வை'ன்னு முடிக்கலாமான்னும் சந்தேகம்.

ராமசாமி எழுதியது:

பார்வைன்னு மட்டும் போடாதீங்க. ஆறாம் பார்வைன்னு நம்ம சாஸ்திரத்துல எந்த கிரகத்துக்கும் இல்ல. எட்டாம் பார்வை விசேஷமா செவ்வாய்க்கு மட்டும். செவ்வாய் மேஷத்துல இருந்து விருச்சிகத்துல இருக்கிற சனிய எட்டாம் பார்வையா பாக்கும், சனி திரும்பிப் பாக்காது, சனிக்கு மேஷம் ஆறாம் இடம். ஒருத்தர் முறைக்கிறாரு, இன்னொருத்தருக்கு தெரியவே தெரியாது. பழைய கிரேக்கக்காரங்களும் ரெண்டு ஆறு எட்டு பன்னிரண்டு ஒன்னையொன்னு பாக்காத இடம்னுதான் வெச்சிருந்தாங்க, டாலமி கணக்குல இது பார்வையே கிடையாது. பிற்காலத்துலதான் பார்வைப் பட்டியல்ல சேத்தாங்க. நம்ம மறைவு ஸ்தானம் மூணு ஆறு எட்டு பன்னிரண்டு. ஒரே ஒரு இடம்தான் வித்தியாசம், பாத்தீங்களா. அதனால 'மறைவு'ங்கிற வார்த்தை உள்ள வந்தா நல்லா இருக்கும்.

நீங்க சொன்ன பாகைக் கணக்கு நியாயம். ஒத்துக்கிறேன்.

பிரபு எழுதியது:

அப்போ 'மறைகோணம்'?

ராமசாமி எழுதியது:

கோணம்னாலே எங்களுக்கு ஒன்னு அஞ்சு ஒம்பது. 'கோணத்துல குரு'ன்னா சந்தோஷப்படுவான் ஜாதகன். அவனப் போய் ஏமாத்தாதீங்க.

செண்பகம் எழுதியது:

நான் சும்மா படிச்சுட்டு இருந்தேன், இப்ப எழுதணும்னு தோணுச்சு. எனக்கு இதுதான் இருக்கு. மேல்நாட்டு முறையில போட்ட ஜாதகத்துல சந்திரன் ரிஷபம் 12, சனி தனுசு 13. தூரம் 149. எனக்கு வேளாவேளைக்கு சாப்பாடு, அதே தட்டு, அதே ஜன்னலோரம், இதெல்லாம் இல்லன்னா ரெண்டு நாள்ல வயிறு கெட்டுடும். வேலையோ ஊர் ஊரா போய் கணக்கு தணிக்கை பண்றது, அதுவும் நான் ஆசைப்பட்டு எடுத்த வேலை, யாரும் தள்ளி விடல. இதுல சண்டையே இல்லங்கிறதுதான் கஷ்டம். சண்டைன்னா ஒன்ன விட்டுடலாம். மொதல்ல ரைஸ் குக்கர் தூக்கிட்டுப் போனேன், லாட்ஜ்ல ஃப்யூஸ் போச்சு. அப்புறம் அவல், பொட்டுக்கடலை. அப்புறம் மாசத்துல பத்து நாள்தான் வெளியூர்னு கேட்டு வாங்கினேன், ஆறு மாசம் நல்லா இருந்துச்சு, மேலதிகாரி மாறினதும் திரும்ப மொதல்ல இருந்து. ஒவ்வொரு தடவையும் வேற ஏதாவது செய்யணும், ஒரே மருந்து ரெண்டாவது தடவ கேக்காது.

இதுக்கு தயவுசெய்து அனுசரிப்புன்னு போடாதீங்க. 'அனுசரிச்சுப் போம்மா'ன்னு காதுல கேட்டாலே எனக்கு எரிச்சலா வரும். அதுல ஒருத்தர் பணிஞ்சு போறாங்க. இங்க யாரும் பணியறதில்ல.

ராமசாமி எழுதியது:

செண்பகம், நம்ம முறைக்கு கொண்டு வந்து பாருங்க. அயனாம்சம் ஏறக்குறைய 24 பாகை கழிச்சா சந்திரன் மேஷம் 18, சனி விருச்சிகம் 19. நீங்க பரணிதானே? தூரம் அதே 149, அது எந்த முறையிலும் மாறாது. ஆனா ராசி ஜோடி மாறிடுச்சு. மேஷத்துக்கும் விருச்சிகத்துக்கும் அதிபதி செவ்வாய் ஒருத்தர்தான். ரிஷபம் துலாம் ஜோடிக்கு சுக்கிரன் இருக்கிற மாதிரி. பொருத்தத்துல இந்த ஜோடிகளுக்கு ஆறெட்டு தோஷம் இல்லன்னு விட்டுடுவோம். பூதமும் ஒத்துக்கல, சர ஸ்திரமும் ஒத்துக்கல, ஆனா வீட்டுக்காரர் ஒருத்தர். உங்களுக்கு மேல்நாட்டு கணக்குல ரிஷபம் சுக்கிரன் தனுசு குரு, அந்த பொது ஆளும் இல்ல.

செண்பகம் எழுதியது:

பரணிதான் ஐயா. ஆனா தோஷம் இல்லன்னு சொல்லிட்டா என் வயிறு கேக்கணுமே.

ராமசாமி எழுதியது:

அது நியாயமான கேள்வி. தோஷம் இல்லன்னா கல்யாணத்த தடுக்க வேண்டாம்னு அர்த்தம், உள்ள உரசல் இல்லன்னு அர்த்தம் இல்ல.

ரவி எழுதியது:

நான் தோப்புக்காரன், மன்னிச்சுக்கங்க, ஆனா அவங்க சொன்னத கேட்டா எங்க வீட்டு பழைய மேஜை ஞாபகம் வருது. தரை மேடுபள்ளம். ஒரு கால் ஆடும், அட்டைய மடிச்சு அண்டக் கொடுப்போம், நாலு நாள்ல அட்டை நசுங்கும், இல்லன்னா மேஜைய நகத்தினா வேற கால் ஆடும். காலையும் அறுக்க முடியாது தரையையும் இடிக்க முடியாது. அண்டக் கொடுக்கிறதுதான் அது.

முத்துலட்சுமி எழுதியது:

ரவி, இத்தன நாளா இதத்தான் தேடிட்டு இருந்தேன். 'அண்டைகொடுத்தல்'. பணிவும் இல்ல, சமரசமும் இல்ல, நிரந்தரமும் இல்ல. சரிக்கட்டல்னு ஒன்னு யோசிச்சேன், அதுல காசு கொடுத்து வாய அடைக்கிற வாடை அடிக்குது.

பிரபு எழுதியது:

அப்படின்னா கிரக நிலைக்கே 'முட்டுக்கோணம்'னு... சரி, கோணம் வேண்டாம், 'முட்டுப்பாகை'ன்னு வெக்கலாமே, முட்டுக் கொடுக்கிறதும் அண்டைதானே.

முத்துலட்சுமி எழுதியது:

முட்டுன்னா மோதுறதும்தான் பிரபு. 90 பாகைக்காரங்கதான் மோதுவாங்க. அங்க ரெண்டு பேருக்கும் சர ஸ்திரம் ஒன்னு, ஒரே வேகத்துல ஒரே இடத்துக்கு வர்றதாலதான் இடிச்சுக்குறாங்க. இங்க இடிக்கக்கூட சந்திக்கல.

'ஒட்டாப் பாகை'ன்னு போட்டுப் பாக்குறேன். எண்ணெயும் தண்ணியும் மாதிரி, பகை இல்ல, ஒட்டல. பாகைன்னு இருக்கிறதால ராசிக் கணக்குன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. ஐயாவோட 'மறைவுப் பாகை' கேக்க அழகா இருக்கு, ஆனா நம்ம வாசகர் மறைவுன்னதும் லக்னத்துலிருந்து எண்ண ஆரம்பிச்சுடுவாரு, இது கிரகத்துக்கு கிரகம் எண்றது.

ராமசாமி எழுதியது:

ஒட்டாப் பாகைன்னா 30 பாகையும் ஒட்டாதுதான். அதுக்கு என்ன பேர் வெப்பீங்க? மேஷம் 1 சிம்மம் 29, ரெண்டும் நெருப்பு, அது எப்படி ஒட்டாம போகும்? எனக்கு மறைவே தேவலாம். உங்க நூல், உங்க இஷ்டம்.

முத்துலட்சுமி எழுதியது:

மேஷம் சிம்மம் கேஸுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டு தப்பிச்சுக்குறேன் ஐயா. 30க்கு இன்னும் ஒன்னும் தோணல. இதுக்கு நடுவுல அடுத்த அத்தியாயத்துல 60 பாகையில இருக்கிற ரெண்டு கிரகமும் சேந்து மூணாவது ஒன்ன 150ல பிடிக்கிற அமைப்பு வருது, யாட்னு சொல்றாங்க, ஹீப்ரு எழுத்து பேராம். முனையில இருக்கிற கிரகத்துக்கு ரெண்டு பக்கமும் அண்டைகொடுக்கணும். அதுக்கும் யோசிச்சு வைங்க.

ரவி எழுதியது:

மூணு கால் முக்காலி ஆடாதே அக்கா?

முத்துலட்சுமி எழுதியது:

இது ஆடும் ரவி.