அப்ரூவ் ஆனது 2 மணி ஓவர்டைம், சம்பளத்தில் ஏறியது 4 மணி: எங்கே தப்பு?

கங்கைகொண்டான் கணக்கு:
சிப்காட்டில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். முன் கேட், பின் கேட் இரண்டிலும் ரேகை மெஷின். பஞ்ச் சர்வருக்கு வந்து மணிக்கணக்காக மாறும். மேனேஜர் அப்ரூவ் செய்த பிறகுதான் சம்பள சாப்ட்வேரில் எழுதும்.

ஒருவர் 18-ஆம் தேதி காலை 6 மணிக்கு உள்ளே, மதியம் 2 மணிக்கு ஷிப்ட் முடிந்தும் இருந்து, 4 மணிக்கு வெளியே. 30-ஆம் தேதி மாலை மேனேஜர் 2 மணி ஓவர்டைம் அப்ரூவ் செய்தார். 1-ஆம் தேதி எழுதியபோது 4 மணி ஏறிவிட்டது. லாகில் எரர் இல்லை. இரட்டைச் சம்பளம் ஆச்சே, முதலாளி விடுவாரா?

கல்லிடை ரைஸ்மில்:
மெஷின் கடிகாரத்தைப் பாருங்க. எங்க மில்லில் கரண்ட் போய் வந்தாலே தேதி பின்னால் போய்விடும்.

கங்கைகொண்டான் கணக்கு:
கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி.

பேட்டை சிவா:
மாதக் கடைசியில் சின்க்கை நிறுத்திவிட்டு அப்ரூவல் வாங்குங்க. வேலை முடிந்தது.

பாளை டேட்டாபேஸ்:
அந்த ஆளின் பஞ்ச்களில், அடித்த நேரத்தையும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கங்கைகொண்டான் கணக்கு:
பிடிபட்டது! பின் கேட்டில் 18-ஆம் தேதி மாலை 6:05-க்கு ஒரு பஞ்ச். சர்வருக்கு வந்ததோ 30-ஆம் தேதி இரவு 8:40. அந்த கேட் கேபிளை எலி கடித்திருந்தது, அன்றுதான் மாற்றினார்கள்.

பாளை டேட்டாபேஸ்:
அதேதான். லைன் இல்லாத நாளெல்லாம் மெஷின் பஞ்சைத் தனக்குள் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். உங்கள் புரோகிராம் எழுதும் நேரத்தில் முதல் பஞ்ச், கடைசிப் பஞ்ச் என்று மறுபடி கணக்குப் போடுகிறது. மேனேஜர் பார்த்த கணக்கு ஒன்று, எழுதிய கணக்கு வேறு. சிவா சொன்னபடி சின்க்கை நிறுத்தினாலும், திறந்ததும் அந்த பஞ்ச் வரத்தான் செய்யும். அதற்கு முன்பே எழுதிவிட்டால் மட்டும் தப்பிக்கலாம்.

அப்ரூவ் ஆன வரிகளை அப்படியே தனி டேபிளில் நகலெடுத்து, அதிலிருந்தே எழுதுங்கள். மணிக்கணக்கு மாறும்போதெல்லாம் `version` ஒன்று கூடட்டும். எழுதும் முன் இதை ஓட்டுங்கள், 7 என்பது மேனேஜர் பார்த்த எண்:

```
UPDATE batch SET status='POSTING'
WHERE id=412 AND status='APPROVED'
  AND version=7;
```

ஒரு வரி மாறினால் எழுதலாம். பூஜ்யம் வந்தால் திரும்ப மேனேஜரிடம். இன்னொன்று, எழுதும்போது நடுவில் லைன் அறுந்து, எழுதுவதை மட்டும் மறுபடி ஓட்டினால் இரண்டு தடவை ஏறும். பேட்ச் எண்ணும் ஆள் எண்ணும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று சம்பளப் பக்கம் கட்டுப்பாடு வையுங்கள்.

பேட்டை சிவா:
எழுதி முடித்த பிறகு வரும் பஞ்ச்?

பாளை டேட்டாபேஸ்:
அடுத்த மாத அரியரில், அதுவும் தனி அப்ரூவலோடு. பழைய மாதத்தைத் திறக்காதீர்கள்.

கங்கைகொண்டான் கணக்கு:
போட்டுவிட்டேன். சோதனைக்கு ஒரு பஞ்சை லேட்டாக விட்டேன், பூஜ்யம் காட்டி நின்றது. ஆனால் அந்த 6:05? லாரிக்கு லோடு ஏற்றினேன் என்கிறார் அவர். பைக் எடுக்க வந்தார் என்கிறார் மேனேஜர். முன் கேட்டில் 4 மணிக்கு வெளியே போனவர் திரும்ப உள்ளே வந்த பஞ்ச் எங்கேயும் இல்லை.

கல்லிடை ரைஸ்மில்:
லாரி போன கேட் பாஸைப் பாருங்க.