“பேட்டரி ஹெல்த்” – தமிழில் என்ன போடலாம்?

மலர்விழி:
நண்பர்களுக்கு வணக்கம். போன் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். திரை உடைந்தால் அதை மட்டும் மாற்றுவதா, பேட்டரியையும் மாற்றுவதா, புதுப் போனே வாங்கிவிடுவதா என்று முடிவெடுக்க அதில் ஓர் அட்டவணை உண்டு. “பேட்டரி ஹெல்த் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்று” என்பது அதன் முதல் வரி. இந்த ஹெல்த்தை எப்படிச் சொல்வது? “மின்கல நலம்” என்று எழுதிவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை.

சண்முகம்:
அம்மா, நலம் உயிருள்ளவற்றுக்கு உரியது. இங்கே அளக்கப்படுவது கொள்ளளவு. புதிதில் 5000 மில்லியாம்பியர் மணி கொண்ட பேட்டரி இன்று 3900தான் கொள்கிறது என்றால் 78 விழுக்காடு. அதனால் “எஞ்சுகொள்ளளவு” என்பதே பொருந்தும். வேறு எதுவும் அதில் இல்லை.

ரேவதி:
சொல் எதுவானாலும் சரி, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். என் போனில் அந்த எண் 86 காட்டுகிறது. ஆனால் சார்ஜ் 25 இருக்கும்போதே கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. திரையும் மூலையில் விரிசல். இந்த அட்டவணைப்படி பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது? அப்போது போனே கெட்டுவிட்டதா, புதுசு வாங்கணுமா?

செந்தில்:
ரேவதியின் கேள்வியிலேயே சொல்லுக்கான விடையும் இருக்கிறது. சண்முகம் ஐயா சொன்ன கணக்கு சரி, “வேறு எதுவும் இல்லை” என்பதுதான் சரியில்லை. பேட்டரி பழசாகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. கொள்வது குறைகிறது, மின்னோட்டம் வெளியே வருவதைத் தடுக்கும் உள்தடை கூடுகிறது. கேமரா திறக்கும் நொடியில் போன் ஒரேயடியாக மின்னோட்டம் இழுக்கும். உள்தடை கூடிய பேட்டரியில் அப்போது வோல்டேஜ் சரிந்துவிடும், போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜ் உள்ளே இருக்கிறது, கொடுக்கத்தான் முடியவில்லை. குளிரில் இது இன்னும் மோசம். விழுக்காடு பெரும்பாலும் முதல் காரியத்தை மட்டுமே காட்டும்.

ஆண்ட்ராய்டில் அந்த எண்ணையே சோதித்துப் பார்க்கலாம். போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, adb நிறுவிய கணினியில் இணைத்து:

```
adb shell dumpsys battery
```

`level: 80`, `Charge counter: 3120000` என்று வந்தால், இரண்டாவது எண் மைக்ரோஆம்பியர் மணியில் இருப்பதால், 80 விழுக்காடு சார்ஜில் இப்போது உள்ளே 3120 மில்லியாம்பியர் மணி இருக்கிறது. அதை 0.8ஆல் வகுத்தால் 3900. ஐயாவின் 78 விழுக்காடு வந்துவிட்டது. சில போன்களில் இந்த எண் அபத்தமாக வரும், அதை நம்ப வேண்டாம்.

என் யோசனை: கொள்வதற்கு “எஞ்சுகொள்ளளவு”. சுமை வந்தால் தாங்கிக் கொடுப்பதற்குத் “தெம்பு”. இரண்டும் சேர்ந்ததுதான் ஹெல்த்.

ரேவதி, விரிசல் கண்ணாடியில் மட்டுமா? தொடுதல் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா? கறுப்புத் திட்டு, கோடு ஏதாவது?

ரேவதி:
தொடுதல் சரியாக இருக்கிறது அண்ணா. ஆனால் விரிசலுக்குக் கீழே மை கொட்டினாற்போல ஒரு கறுப்புத் திட்டு. போன வாரத்தைவிட இப்போது பெரிசு.

செந்தில்:
அப்படியானால் கண்ணாடியோடு நிற்கவில்லை, உள்ளே படம் காட்டும் பேனலும் போய்விட்டது. திட்டு பரவிக்கொண்டே போகும். பேனலை மாற்றித்தான் ஆகவேண்டும். பல போன்களில் புதுப் பேனல் சட்டத்தோடு ஒட்டியே வருகிறது. அதனால் மதர்போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் பழைய சட்டத்திலிருந்து கழற்றி மாற்றுவார்கள். பசையில் ஒட்டிய பேட்டரியை நெம்பி எடுத்தால் வளைய வாய்ப்புண்டு, வளைந்ததைத் திரும்பப் போடக்கூடாது. தெம்பில்லாத பேட்டரியை எதற்குப் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டும்? இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஆனால் முதலில் உங்கள் போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும் என்று பாருங்கள். அது நின்றுவிட்டதென்றால் இந்தச் செலவு வேண்டாம், புதுசே வாங்கலாம். இன்னொன்று: திறந்து மூடிய போன் பழையபடி தண்ணீரைத் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

சண்முகம்:
உள்தடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் தம்பி. ஆனால் “தெம்பு” பேச்சுக்குச் சரி, கையேட்டுக்கு ஆகாது. “ஈடுதிறன்” என்றால் என்ன?

மலர்விழி:
ஐயா, ஈடு என்றால் படிப்பவர்கள் அடமானம் என்றோ நஷ்டஈடு என்றோ நினைத்துவிடுவார்கள். தெம்பு யாருக்கும் சட்டென்று புரியும். அப்புறம், அட்டவணையில் ஒரே வரி போதாதென்று தெரிகிறது, “சார்ஜ் இருக்கும்போதே அணைகிறதா?” என்று தனி வரி சேர்க்கிறேன்.

ரேவதி:
புதுப்பிப்பு இன்னும் இரண்டு வருடம் வருமாம், அதனால் பழுதுபார்க்கவே தீர்மானித்தேன். ஒரு சந்தேகம்: மேசையில் வைத்தால் போன் லேசாக ஆடுகிறது. பின்மூடி ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருக்கிறது. கீழே விழுந்ததால்தானே?

செந்தில்:
பேட்டரி உப்பியிருக்கலாம். இனி சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். அணைத்து, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் “உப்பியிருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். உப்பியது தெரியாமல் திரையை மட்டும் மாற்றியிருந்தால் புதுத் திரையையும் அது பின்னாலிருந்து நெம்பியிருக்கும்.

மலர், 86 காட்டும் பேட்டரியும் உப்பும். இதற்கும் ஒரு வரி வேண்டும், எஞ்சுகொள்ளளவுக்கு மேலேயே போடுங்கள்.