1.5 லட்சமா, 1.05 லட்சமா? உதவுங்கள்

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ஆம்பூர் வியாபாரி ஒருவர் தர வேண்டிய பாக்கி ஒரு லட்சத்து ஐயாயிரம். அவசரத்தில் வாட்ஸ்அப்பில் "1.5 லட்சம்" என்று அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர், 1,50,000 ரூபாயை அப்படியே போட்டுவிட்டார்! 45,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். முதலாளியிடம் வாங்கிய பேச்சு தனிக் கணக்கு.

புள்ளிக்குப் பின் வருவது ஆயிரமல்ல, லட்சத்தின் பத்தில் ஒரு பங்கு என்பது பிறகுதான் உறைத்தது. ஐயாயிரத்துக்கு 1.05 என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? கோடியில் சறுக்கினால் இன்னும் மோசம்: ஒரு கோடியே ஐந்து லட்சத்தை 1.5 கோடி என்று எழுதினால் 45 லட்சம் கூடிவிடும்.

இப்போது புள்ளியே வைக்காமல் "ரூ.1,05,000 (ஒரு லட்சத்து ஐயாயிரம் மட்டும்)" என்று எழுதுகிறேன். இதிலும் ஒரு சந்தேகம். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்பது 1881ஆம் ஆண்டுச் சட்டம். வெறும் செய்தியில் முரண்பட்டால் நீங்கள் எதை நம்புவீர்கள்? வெளிநாட்டுக்காரர்களுக்கு 12,50,000 என்று அனுப்புவீர்களா, 1,250,000 என்றா? வியாபாரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.