75 மீட்டர் ஓட்டத்தில் 27ஆவது முறை வெளியேற்றிவிட்டார்கள். எங்கே தப்பு?

கடற்கரை_விசில்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தூத்தூர் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம். வயது 24. ஃபுட்பால் கிளப்பில் லெஃப்ட் பேக் ஆடிக்கொண்டிருந்தேன். முழங்கால் பிரச்சினைக்குப் பிறகு ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு வருடமாக 13 வயது, 15 வயதுப் பையன்களின் மேட்சுகளுக்கு விசில் ஊதுகிறேன். இதிலேயே மேலே போக வேண்டும் என்று ஆசை.

போன மாதம் அடுத்த நிலைக்கான ரெஃப்ரி தேர்வு முகாம். எழுத்துத் தேர்வு பாஸ். 40 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறும் பாஸ். அடுத்து 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 20 நொடியில் நடக்க வேண்டும். அப்படி 40 முறை. 22ஆவது ஓட்டத்தில் ஒரு எச்சரிக்கை, 27ஆவதில் இரண்டாவது எச்சரிக்கை, அத்தோடு ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நான் தினமும் காலையில் கடல் மணலில் 8 கிலோமீட்டர் ஓடுகிறவன். இந்தத் தேர்வில் மொத்தமே 4 கிலோமீட்டர்தான். அப்படியும் ஏன் முடியவில்லை? ஏழு வாரத்தில் மறுதேர்வு இருக்கிறது. இன்னொன்று, எங்கள் பக்கம் மேட்சைப் பார்த்துத் தவறு சொல்லித் தரும் மூத்த நடுவர் யாரும் இல்லை. அதற்கு என்ன வழி?

பழைய_லைன்ஸ்மேன்

தம்பி, ஸ்டாமினா போதவில்லை, அவ்வளவுதான். 8 கிலோமீட்டரைப் 12 ஆக்குங்கள். எங்கள் காலத்தில் கூப்பர் டெஸ்ட்தான். 12 நிமிடத்தில் 2700 மீட்டர் ஓடினால் பாஸ். தூரம் ஓடி ஓடித்தான் நாங்கள் எல்லாம் தேறினோம். மறுதேர்வில் எழுத்தும் இருந்தால் விதிகளையும் ஒருமுறை புரட்டுங்கள். கீப்பர் பந்தை 6 நொடிக்கு மேல் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், இது மாதிரி சின்னச் சின்ன கேள்விதான் கேட்பார்கள்.

மூன்றாவது_கண்

தம்பி, நான் பதினைந்து வருடம் மாநில அளவில் விசில் ஊதிவிட்டு இப்போது முகாம்களில் தேர்வு எடுக்கும் பக்கம் நிற்கிறேன். மேலே அண்ணன் சொன்ன கூப்பர் டெஸ்ட் உண்மைதான், ஆனால் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நீங்கள் ஓடியது வேறு வகைத் தேர்வு. கீப்பர் விதியும் 2025-26 சீசனிலிருந்து மாறிவிட்டது. இப்போது 8 நொடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர் கிக். கடைசி 5 நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வு இருந்தால் இது கட்டாயம் வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதல் சுற்றுகளில் 75 மீட்டரை எத்தனை நொடியில் முடித்தீர்கள்? ஓட்ட விசில் அடிக்கும்போது கோட்டில் நின்றுகொண்டிருந்தீர்களா, நடந்து வந்துகொண்டிருந்தீர்களா? எச்சரிக்கை வாங்கிய இரண்டு முறையும் எவ்வளவு தூரம் குறைந்தது?

கடற்கரை_விசில்

அண்ணா, கூட ஓடிய நண்பன் ஒருவனுடைய தம்பி போனில் எடுத்த வீடியோவை இப்போதுதான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் மூன்று சுற்றில், அதாவது முதல் 12 ஓட்டத்தில், ஒவ்வொன்றையும் 12, 12 அரை நொடியில் முடித்திருக்கிறேன். மற்றவர்களுக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றிருக்கிறேன். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு நடை ரொம்ப மெதுவாகிவிட்டது. விசில் அடிக்கும்போது கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னால் இருக்கிறேன். எச்சரிக்கை இரண்டும் ஒரு காலடி வித்தியாசம்தான்.

அம்பயர்_ஆசை

அண்ணன்மாரே, இந்த 40 ஓட்டம் கிரிக்கெட் அம்பயர் தேர்வுக்கும் உண்டா? எனக்குக் கண்ணாடி வேறு இருக்கிறது.

மூன்றாவது_கண்

அம்பயர் தம்பி, இது ஃபுட்பால். கிரிக்கெட்டுக்குத் தனி இழை போடுங்கள், அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

தூத்தூர் தம்பி, இப்போது படம் தெளிவாகிவிட்டது. 75 மீட்டரை 15 நொடியில் ஓடுவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். நீங்கள் 12 அரை நொடியில் ஓடினீர்கள், அது 21.6. மிச்சமான இரண்டரை நொடி ஓய்வுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் ஏறிய கால் களைப்பை இரண்டரை நொடி ஓய்வு இறக்காது. முதல் 12 ஓட்டத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு பெட்ரோலைக் கொளுத்திவிட்டீர்கள்.

இரண்டாவது தப்புதான் உங்களை உண்மையில் வெளியேற்றியது. விசில் அடித்தபோது கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னால் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு நொடி போய்விட்டது. மிச்சம் 14 நொடியில் அதே 75 மீட்டரை ஓட 19.3 கிலோமீட்டர் வேகம் வேண்டும். களைத்த நேரத்தில் நீங்களே தேர்வைக் கடினமாக்கிக்கொண்டீர்கள். 25 மீட்டரை 20 நொடியில் நடப்பது சாதாரண நடைதான். 16, 17 நொடியில் கோட்டுக்கு வந்து, முன்காலை வைத்து, விசிலுக்குக் காத்து நிற்க வேண்டும். ஓட்டத்திலும் முதல் 20 மீட்டரில் சீறாமல் சீராக வேகம் பிடித்து, 14, 14 அரை நொடியில் நடைப் பகுதிக்குள் கால் வைத்தால் போதும்.

ஃபிஃபா பட்டியலில் உள்ள ஆண் ரெஃப்ரிகளுக்கு இதே 15 நொடி ஓட்டம்தான், நடைக்கு மட்டும் 18 நொடி. ஸ்பிரிண்ட் ஒவ்வொன்றும் 6.0 நொடிக்குள், இடையில் 60 நொடி. ஆகவே உங்களுக்கு இரண்டு நொடி தாராளமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

கடற்கரை_விசில்

அப்படியென்றால் மணல் ஓட்டம் வீணா அண்ணா?

மூன்றாவது_கண்

வீண் இல்லை, மூச்சுக்கு நல்லது. ஆனால் மணலில் கால் புதையும், தரையிலிருந்து உதைத்து எழும் பழக்கம் மந்தமாகும். 8 கிலோமீட்டரும் ஒரே வேகம் என்பதால் வேகம் ஏற்றி இறக்கும் பழக்கமும் வராது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மணலில் லேசாக ஓடுங்கள்.

பள்ளி கிரவுண்டில் 400 மீட்டர் சுற்று கிடைத்தால் டேப் பிடித்து 75, 25 என்று கோன் வையுங்கள். கோன் இல்லாவிட்டால் செங்கல். ஒரு சுற்றுக்கு நான்கு ஓட்டம், 10 சுற்றில் 40 முடியும். போனில் 15 நொடி, 20 நொடி என்று விசிலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுங்கள். முதல் வாரம் 20 ஓட்டத்தோடு நிறுத்துங்கள், தெம்பு இருந்தாலும் நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் இது, வாரம் ஒரு சுற்றாகக் கூட்டினால் ஆறாவது வாரம் 40 வரும். ஏழாவது வாரம் 16 மட்டும். இன்னொரு நாள் ஸ்பிரிண்ட். தேர்வில் ஸ்பிரிண்ட் முடிந்து 6 முதல் 8 நிமிடத்துக்குள் 75 மீட்டர் தொடங்கிவிடுவார்கள். அதனால் ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டையும் ஒரே நாளில், அதே இடைவெளியில் செய்து பாருங்கள்.

பழைய_லைன்ஸ்மேன்

கார்னர் கிக் என்று மாறியது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் தம்பி, முழங்கால் வலி இருக்கிறதே, பேசாமல் லைன்ஸ்மேன் பக்கம் போய்விடலாமே. அங்கே ஓட்டம் குறைவு.

வடசென்னை_கொடி

அண்ணா, நான் அசிஸ்டன்ட் ரெஃப்ரியாக இருப்பவள். ஓட்டம் குறைவு என்பது மேட்சில் ஓரளவு சரி, தேர்வில் இல்லை. எங்களுக்கும் 40 ஓட்டம் உண்டு. அதற்கு முன் 30 மீட்டர் ஸ்பிரிண்ட் ஐந்து, அதற்கும் முன் 10 மீட்டர் நேராக, 8 மீட்டர் பக்கவாட்டில் போய், 8 மீட்டர் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி 10 மீட்டர் நேராக. சர்வதேச ஆண்களுக்கு இதெல்லாம் 10 நொடிக்குள். முழங்காலுக்கு இந்தத் திருப்பம்தான் சோதனை. மருத்துவரிடம் காட்டாமல் அந்தப் பக்கம் வராதீர்கள்.

மூத்தவர் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். என் கதையைச் சொல்கிறேன். முதலில் நான் நடு விசில்தான். வியாசர்பாடியில் 15 வயதுப் பெண்கள் மேட்ச் ஒன்றுக்கு ஒரு மூத்த அக்கா வந்து பார்த்தார். இடைவேளையில் ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்ச் முடிந்ததும் கையிலிருந்த துண்டுச் சீட்டில் கிரவுண்டை வரைந்து, "பெனால்டி கொடுத்தாயே, நீ எங்கே நின்றாய், புள்ளி வை" என்றார். வைத்தேன். பந்துக்கு நேர் பின்னால், 12 மீட்டரில். "பக்கத்தில்தான் இருந்தாய், ஆனால் உனக்கும் பந்துக்கும் நடுவில் டிஃபெண்டரின் முதுகு. நீ காலைப் பார்க்கவில்லை, அந்தப் பெண் விழுந்ததைத்தான் பார்த்தாய்" என்றார். ஐந்து மீட்டர் இடது பக்கம் விலகியிருந்தால் இரண்டு பேருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரிந்திருக்கும். அன்று அதைத் தவிர வேறு எதையும் அவர் சொல்லவில்லை. அடுத்த மூன்று மேட்சும் எனக்கு அந்த இடைவெளி ஒன்றுதான் வேலை.

மூத்தவர் கிடைக்காவிட்டால் யாரையாவது நடுக்கோட்டுப் பக்கம் உயரமான இடத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பந்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி, முகாமில் பழகிய யாருக்காவது ஒரே ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். முழு மேட்சையும் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடற்கரை_விசில்

அக்கா, இது பெரிய உதவி. எனக்கும் ஒரு சம்பவம் உறுத்துகிறது. 15 வயது மேட்சில் பின்னாலிருந்து ஒரு டேக்கிள். கார்டு காட்டவில்லை. சின்னப் பையன்தானே என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் மேட்ச் கைமீறிப் போய்விட்டது.

மூன்றாவது_கண்

வயதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவன் டேக்கிளுக்குப் போன விதத்தைப் பாருங்கள். கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தோடு, அடிபடும் என்ற நிலையில் போனால் சிவப்பு. அந்த இடத்தில் மஞ்சள் காட்டியிருந்தால் அடுத்த பத்து நிமிடம் வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விசிலும் ஒரே மாதிரி ஊதாதீர்கள். சாதாரண த்ரோ-இன்னுக்குத் தேவையில்லை, இந்த மாதிரி டேக்கிளுக்கு நீளமாக, உரக்க.

லைன் பக்கமா நடுவிலா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஃபிஃபா பட்டியலுக்கு ரெஃப்ரி என்றால் குறைந்தது 25 வயது, அசிஸ்டன்ட் என்றால் 23. மாவட்டம், மாநிலம், தேசிய நிலை என்று ஏறவே உங்களுக்கு இன்னும் சில வருடம் ஆகும். என் விருப்பம் நடு விசில்.

வடசென்னை_கொடி

இதில் அண்ணாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சீக்கிரம் ஒன்றைப் பிடித்தால்தான் ஆஃப்சைடு கண் பழகும். 2002 உலகக் கோப்பைக்கு நம்மிடமிருந்து போன கே. சங்கர் அசிஸ்டன்டாகத்தான் போனார். நடு விசிலில் திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா வரை போயிருக்கிறார், அதுவும் உண்மை. எது உங்களுக்கு என்று உங்கள் முழங்காலும் சொல்லும்.

கடற்கரை_விசில்

நான்கு வாரம் ஆகிவிட்டது, தகவல் சொல்ல வந்தேன். நேற்று 32 ஓட்டம், ஒரு எச்சரிக்கை அளவுக்குக்கூடப் போகவில்லை. 14 அரை நொடியில் முடிப்பது முதல் சுற்றுகளில்தான் கஷ்டமாக இருக்கிறது, கால் தானாக வேகமெடுக்கிறது. கூட ஓடும் நண்பன் "மெதுவா" என்று கத்திக்கொண்டே வருகிறான். முழங்காலை மருத்துவரிடம் காட்டினேன். நேர் ஓட்டம் சரி, திருப்பம் மட்டும் ஆறு வாரம் வேண்டாம் என்றார். அதனால் இப்போதைக்கு நடு விசில்தான்.

ஒரு சந்தேகம் மிச்சம். தேர்வுக்கு முந்தைய நாள் ஊரில் 13 வயதுப் பையன்கள் ஃபைனல், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பழைய_லைன்ஸ்மேன்

போங்கள் தம்பி, சின்னப் பையன்கள் மேட்ச், கால் இளகும்.

மூன்றாவது_கண்

வேண்டாம். அந்த மேட்சை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஓரத்தில் நின்று அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.