சப்சீக்வென்ஸுக்கு 'உள்தொடர்' சரிதானா?

மதுரையிலிருந்து:
அன்பர்களே, வணக்கம். கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு பாடம் எழுதுகிறேன். லாங்கஸ்ட் காமன் சப்சீக்வென்ஸை 'மிகநீளப் பொது உள்தொடர்' என்று எழுதி, மரகதம், மகரந்தம் இரண்டையும் கணக்காகக் கொடுத்தேன். ஒரு மாணவி 'தம்' என்று விடை எழுதிவிட்டாள், அதாவது இரண்டிலும் ஒட்டியே வரும் துண்டைத் தேடியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, தொடர் என்றாலே விடாமல் அடுத்தடுத்து வருவது என்றுதானே பொருள்? நமக்கு வேண்டியது முன்பின் மாறாமல், ஆனால் நடுவில் எழுத்துகள் விட்டுப்போகலாம் என்பது. வேறு சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:
ஒட்டியே வரும் துண்டான சப்ஸ்ட்ரிங்குக்கு 'துணைச்சரம்' புழக்கத்தில் இருக்கிறதே, அதையே இதற்கும் வைக்கலாம், இரு சொற்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு நிரப்பும் அட்டவணை இரண்டுக்கும் ஒன்றுதான். அப்புறம் முழு அட்டவணையை ஏன் கற்பிக்கிறீர்கள்? முந்தைய நிரையும் இப்போதைய நிரையும் கையில் இருந்தால் போதும், மீதியை அழித்துவிடலாம்.

சென்னையிலிருந்து:
கோவை நண்பர் சொல்வதில் பாதி சரி. நீளம் மட்டும் வேண்டுமானால் இரண்டு நிரை போதும். விடைச் சொல்லே வேண்டுமென்றால் வந்த வழி தெரிய வேண்டும், நீங்கள் அழித்த நிரைகளில்தான் அது இருந்தது. குறைந்த நினைவகத்தில் சொல்லையும் மீட்க 1975இல் ஹிர்ஷ்பெர்க் வழி கண்டார், ஆனால் அது கணக்கை இரண்டிரண்டாகப் பிளந்து செய்வது, முதல் பாடத்துக்கு ஆகாது. அட்டவணையும் ஒன்றல்ல:

```
if a[i-1] == b[j-1]:
    L[i][j] = L[i-1][j-1] + 1
else:
    L[i][j] = max(L[i-1][j], L[i][j-1])
```

எழுத்துகள் பொருந்தாத கட்டத்தில் சப்ஸ்ட்ரிங்குக்கு 0 போடுவோம், இங்கே மேலே அல்லது இடப்பக்கம் இருப்பதில் பெரியதை எடுத்து வருகிறோம். நடுவில் விட்டுப்போகலாம் என்ற அனுமதியே அந்த `max`தான், அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது. நான் 'உள்வரிசை' என்பேன். வரிசையில் நிற்பவர்களில் சிலர் விலகினாலும் மற்றவர்களின் வரிசை மாறுவதில்லை. அட்டவணையின் கிடைக்கோட்டுக்குப் பள்ளிப் பாடநூலில் 'நிரை' இருப்பதால் குழப்பமும் வராது.

0 நிரையையும் 0 நிரலையும் விட்டுவிட்டு எழுதினால்:

```
     ம  க  ர  ந்  த  ம்
ம    1  1  1  1  1  1
ர    1  1  2  2  2  2
க    1  2  2  2  2  2
த    1  2  2  2  3  3
ம்   1  2  2  2  3  4
```

கீழ் வலது மூலையில் 4, அதுதான் நீளம். அங்கிருந்து திரும்பி நடங்கள். 'ம்' பொருந்துகிறது, குறுக்காக மேலேறினால் 'த' பொருந்துகிறது, மறுபடி குறுக்காகப் போனால் 'க' நிரையில் 'ந்' நிரல், அங்கே 2. மேலேயும் 2, இடப்பக்கமும் 2! சமம் வரும்போதெல்லாம் இடப்பக்கம் போனால் 'மகதம்', மேலே போனால் 'மரதம்'. இரண்டும் சரியான விடைகள். எழுத்துகள் கடைசியிலிருந்து கிடைப்பதால் முடிவில் திருப்பிப் போட வேண்டும், பிள்ளைகள் அதிகம் மறப்பது அதைத்தான். இந்த நடைக்கு 'தடமீட்பு' பொருந்தும் என்பது என் கருத்து.

தஞ்சாவூரிலிருந்து:
ஐயா, நான் பழைய நூல்களின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு மெய்ப்புப் பார்ப்பவன். காடு, பாட்டு இரண்டையும் கொடுத்தால் எனக்கு 'டு' வராமல், தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடு ஒரு கால் தொங்கிக்கொண்டு வருகிறது. எழுத்துருவை மாற்றியும் போகவில்லை. தடமீட்பில்தான் பிழையா?

சென்னையிலிருந்து:
எழுத்துருவும் காரணமல்ல, தடமீட்பும் காரணமல்ல. யூனிகோடில் 'கா' இரண்டு குறியீடுகள், 'க' ஒன்று, கால் ஒன்று. உங்கள் மென்பொருள் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் இரண்டு சொல்லிலும் இருக்கும் காலைப் பொதுவாக எடுத்துக்கொண்டு நீளம் 3 என்கிறது. முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்து, அந்தப் பட்டியலை அட்டவணைக்குக் கொடுங்கள், 'டு' மட்டும் வரும், நீளம் 1. முழு நூலென்றால் வரிகளை ஒப்பிடுங்கள். அதிலும் 20,000 வரிக்கு 20,000 வரி என்றால் 40 கோடிக் கட்டங்கள், கட்டத்துக்கு 4 பைட் வைத்தால் 160 கோடி பைட். ஹிர்ஷ்பெர்க் வழி உங்களுக்குத்தான் தேவைப்படும்.

கோவையிலிருந்து:
0 போடும் வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை, சரி, உள்வரிசை இருக்கட்டும். ஆனால் 'தடமீட்பு' என்றால் தொலைந்த தடத்தை மீட்பது போல இருக்கிறது. தடம் அட்டவணையிலேயே இருக்கிறது, நாம் மீட்பது சொல்லைத்தான். 'பின்னடை' என்று வைக்கலாமே?

மதுரையிலிருந்து:
'உள்வரிசை' என்று மாற்றிவிட்டேன், இரண்டு விடைகளையும் பாடத்தில் சேர்க்கிறேன். 'பின்னடை'யைப் படித்ததும் எனக்குப் பின்னடைவுதான் நினைவுக்கு வருகிறது, தடமீட்பிலும் கோவை நண்பர் சொன்ன குறை இருக்கிறது. இப்போதைக்கு 'திரும்பி நடத்தல்' என்றே எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.