பாக்கி எல்லாருக்கும் 0.00, பட்டியல் மட்டும் இரண்டு முறை ‘அ’வில் தொடங்கியது

கணக்கு மணி:
மொத்த வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள், ஜாவாவில் எழுதியது. பாக்கித் தொகைப்படி வரிசை. தொகை ஒன்றாக இருந்தால் பெயர்ப்படி. பாக்கி இல்லாதவர்கள் பகுதியில் மட்டும் அன்பரசு, கண்ணன், வேலு என்று இறங்கிவிட்டு, மறுபடியும் அருள், கதிரேசன் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. டீபக்கரில் `==` போட்டுப் பார்த்தால் எல்லாம் சமம். அதை நம்பித் தொகையை விட்டுவிட்டு, தமிழ்ப் பெயர்களின் யூனிகோடுதான் சிக்கல் என்று எல்லாரும் அதையே குடைந்துகொண்டிருந்தோம்.

30 பைசா பாக்கியை இரண்டு தவணையில் கழித்த ஒரு கணக்கைப் பிரித்தபோது பிடிபட்டது:

```java
double b = 0.3 - (0.1 + 0.2);   // -5.551115123125783E-17
b = Math.rint(b * 100) / 100;   // -0.0
b == 0.0                        // true
Double.compare(b, 0.0)          // -1
```

கழித்ததில் மிஞ்சிய தூசு மைனஸ் பக்கம் விழுந்திருக்கிறது. ரவுண்ட் செய்ததில் தூசு போய்விட்டது, மைனஸ் குறி ஒட்டிக்கொண்டது. `comparingDouble` உள்ளே `Double.compare`-ஐத்தான் கூப்பிடும், அதற்கு -0.0 என்பது 0.0-க்கு முந்தியது. திரையில் ஏன் தெரியவில்லை என்றால், நாங்கள் குறியை எடுத்துவிட்டுப் பற்று, வரவு என்று எழுதுகிறோம். ரவுண்ட் செய்த கையோடு `+ 0.0` கூட்டினோம், குறி போய்விட்டது. அதன்பிறகு ஒரே ‘அ’தான்.

டெல்டா தம்பி:
பணத்தை டபுளில் வைத்தால் இப்படித்தான் அண்ணா. BigDecimal-க்கு மாறிவிடுங்கள், சமம் பார்ப்பதில் தொல்லையே வராது.

பழைய கோடர்:
பாதி சரி தம்பி. அதில் மைனஸ் பூஜ்யம் கிடையாதுதான். ஆனால் 2.0-ஐயும் 2.00-ஐயும் `equals` கொண்டு கேட்டுப் பாருங்கள், வேறு வேறு என்று சொல்லும். `compareTo` இரண்டும் ஒன்று என்று சொல்லும். அதனால் HashSet-இல் இரண்டாக நிற்பது TreeSet-இல் ஒன்றாகிவிடும்.

செல்வி டெக்ஸ்:
எங்கள் மில்லிலும் இதே கதைதான்! எக்செல்லில் நூல் எடையை அடுக்கினால் 100, 20, 3 என்று வந்தது. டேலியிலிருந்து எடுத்த ஃபைல்.

கணக்கு மணி:
அது வேறு மேடம். எண்கள் எழுத்தாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த நெடுவரிசையை எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும்.

பழைய கோடர்:
மணி சொன்னதைவிட மோசமானது ஒன்றைப் பார்த்தேன். எனக்குக் கைமாறி வந்த கோடில், வித்தியாசம் 0.005-க்குள் இருந்தால் சமம் என்று கம்பேரட்டரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: வேலு 10.000, மாரி 10.004, கண்ணன் 10.008. வேலுவும் மாரியும் சமம், ஆகவே பெயர்ப்படி மாரி முன்னால். மாரியும் கண்ணனும் சமம், கண்ணன் முன்னால். அப்படியானால் கண்ணன் வேலுவுக்கும் முன்னால்தானே வரவேண்டும்? இல்லை. அவர்களுக்குள் வித்தியாசம் 0.008, தொகைப்படி வேலுதான் முன்னால். வட்டமாகச் சுற்றுகிறது, எந்த வரிசையில் கொடுத்தாலும் யாராவது ஒருவர் தப்பான இடத்தில் நிற்பார்.

டெஸ்டில் இது சிக்காது. 32-க்குக் குறைந்த பட்டியல்களில் ஜாவா அந்த முரணைப் பார்ப்பதே இல்லை, சத்தமில்லாமல் ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்துவிடும். பெரிய பட்டியலில்கூட எப்போதாவதுதான் `Comparison method violates its general contract!` என்று விழும். மறுநாள் அதே ரிப்போர்ட் ஒழுங்காக ஓடும், நாமும் சர்வரைத் திட்டிவிட்டுப் போய்விடுவோம்.

மேகம் பார்ப்பவள்:
மணி அண்ணா, `+ 0.0` எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான் விமான நிலைய வானிலை அறிக்கைகளைப் பைத்தானில் அலசுகிறேன். METAR-இல் வெப்பநிலை `00` என்பது வேறு, `M00` என்பது வேறு. இரண்டாவது, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போய் முழு எண்ணாக்கியபோது பூஜ்யமானது. அந்த M-ஐ -0.0 ஆக வைத்தோம். பைத்தான் `sorted` இரண்டையும் சமமாகவே எடுத்து, வந்த வரிசையிலேயே விட்டுவிடுகிறது. டிக்‌ஷனரியிலோ இரண்டும் ஒரே சாவி, M00 எண்ணிக்கை 00-வோடு கலந்துவிட்டது. இப்போது குறியைத் தனி நெடுவரிசையில் வைக்கிறோம்.

டெல்டா தம்பி:
அப்போ கிட்டத்தட்ட சமமானவற்றைச் சேர்க்க, முதலில் இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்து அடுக்கினால் வட்டம் வராதே?

பழைய கோடர்:
வட்டம் வராது. ஆனால் 10.0049 ஒரு பக்கம், 10.0051 இன்னொரு பக்கம் பிரிந்துவிடும். உள்ளது உள்ளபடி அடுக்கிவிட்டு, பக்கத்துப் பக்கத்து இடைவெளியைப் பார்த்துச் சேர்ப்பது என் வழக்கம்.

மேகம் பார்ப்பவள்:
அப்படிச் சேர்த்தால் உங்கள் வேலு, மாரி, கண்ணன் மூன்று பேரும் ஒரே கும்பலாகிவிடுவார்களே சார்? பின்னால் 10.012 வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

பழைய கோடர்:
சேரும்தான். கும்பலின் முதல் ஆளிடமிருந்து அளக்கலாம், ஆனால் நடுவில் புதிதாக ஓர் எண் நுழைந்தால் கும்பல்கள் மாறும். என்னிடம் ரிப்போர்ட் கேட்டவர்கள் அதை ஒத்துக்கொண்டார்கள். உங்கள் இடத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.